மிசேனத்திலிருந்து வந்த கடிதம்

பேர்லின் நகரத்துத் தொல்பொருட் சேகரத்திலே, எகிப்து தேசத்து மணலிலிருந்து எடுக்கப்பட்ட கடிதமொன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நாணற் புல்லின் தண்டைக் கீறி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்தி உலர்த்திச் செய்த பபைரஸ் என்னும் தாளிலே, கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடிதம் அது. எழுதியவன் அப்பியோன் என்னும் இளைஞன். பெற்றவர் எப்பிமாக்கொஸ் என்னும் அவனுடைய தகப்பனார். காலம், கிறித்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டு. பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து கப்பற்படையிற் சேர்ந்த மகன், தன்னுடைய உருவப்படமொன்றை வீட்டுக்கு அனுப்பி, அதனோடு எழுதிய கடிதம் என்று அதன் பொருளை ஒரு வரியிற் சொல்லிவிடலாம். ஆயினும் அந்த ஒரு வரிக்குள் அடங்காதவை அதிலே பல உள.

நான் இக்கடிதத்தை முதன்முதலிற் படித்தது 1973ஆம் ஆண்டில், பேராதனையில் மாணவனாயிருந்த காலத்தில். ஹண்ட், எட்கார் என்னும் அறிஞர் இருவர் தேர்ந்தெடுத்து 1932இல் வெளியிட்ட பபைரஸ் ஏடுகளின் தொகுதி நூல்நிலையத்திலே இருந்தது. இடப்பக்கத்திற் கிரேக்க மூலமும் வலப்பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்புமாக அச்சிடப்பட்ட சிறிய நூல். குத்தகைப் பத்திரங்கள், வரிச் சீட்டுகள், திருமண ஒப்பந்தங்கள் என்று புரட்டிக்கொண்டு போனவன், இந்தக் கடிதத்தில் வந்து நின்றேன். அன்று அது என்னைத் தொட்டதென்று சொன்னால் அது பொய்யாகும். பரீட்சைக்கு வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு நூலை மூடிவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து என் தமையனார் கப்பல் வேலைக்குப் போன பிறகுதான் அதனைத் தேடிப் பிடித்து மறுபடியும் படித்தேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். நைல் நதிக்கு மேற்கே பையூம் என்னும் தாழ்ந்த நிலப்பகுதி இருக்கிறது. அதன் வடகிழக்கு ஓரத்திலே, பாலைநிலம் தொடங்கும் இடத்தில், பிலதெல்பியா என்னும் ஊர் இருந்தது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே இரண்டாம் தொலமி மன்னன் காலத்தில் குடியேற்றப்பட்ட ஊர். அவனுடைய சகோதரியும் பட்டத்தரசியுமான ஆர்சினோவேயின் சிறப்புப் பெயரே அதற்கு இடப்பட்டது. கால்வாய்த் தண்ணீரை நம்பி வாழ்ந்த கமக்காரர் ஊர். அப்பியோன் காலத்திலே எகிப்து உரோமருடைய ஆட்சியின் கீழ் இருந்தது. எனினும் எழுதுவதும் கணக்கு வைப்பதும் கிரேக்க மொழியிலேயே நடந்தன.

அந்த ஊரிலிருந்து புறப்பட்ட இளைஞன் சென்றடைந்த இடம், இத்தாலியிலே நேப்பிள்ஸ் குடாவின் வடமேற்கு முனையில் உள்ள மிசேனம் என்னும் துறைமுகம். உரோமருடைய கப்பற்படைகளுள் முதன்மையானது அங்கேதான் நங்கூரமிட்டிருந்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்துறந்த மூத்த பிளினி அந்தப் படைக்கே தலைவராயிருந்தார் என்றால், இடத்தின் நிலை வாசகர்க்கு விளங்கும். எகிப்திலிருந்து இளைஞர் பலர் அப்படையிற் சேர்ந்தார்கள். சேவைக்காலம் 26 ஆண்டுகள். அதனை முடித்து விடுதலை பெறுவோர்க்கு உரோமக் குடியுரிமை கிடைக்கும். இருபது வயதிற் போனவன் திரும்பி வர நினைத்தால் நாற்பத்தாறு வயதில் வரலாம். மகனை வழியனுப்பிய எப்பிமாக்கொஸ் இந்தக் கணக்கை அறியாதவராய் இருந்திருக்க மாட்டார்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். தகப்பனும் தலைவனுமாகிய எப்பிமாக்கொஸுக்கு மிகப் பல வாழ்த்துகள் என்று அப்பியோன் தொடங்குகிறான். எல்லாவற்றுக்கும் முன்னதாக உமது நலத்துக்காகப் பிரார்த்திக்கிறேன் என்ற கருத்திலே அடுத்த வாக்கியம் போகிறது. அதிலே சகோதரியும் அவளுடைய மகளும் சகோதரனும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். தாயின் பெயர் கடிதம் முழுவதிலும் ஓரிடத்திலும் இல்லை. அவள் முன்னரே காலமாகியிருக்கலாம் என்று ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தத் தொடக்கம் அவனுடைய சொந்தச் சொல் அன்று. அக்காலத்துக் கடிதங்கள் பலவற்றிலே இதே வாய்பாடு வருகிறது. நம்மவர் பிள்ளையார் சுழியிட்டு, நலம், நலமறிய அவா என்று எழுதினார்கள் அல்லவா? அதுபோன்றதே இது. வாய்பாடாக எழுதியது மனத்திலிருந்து வந்ததன்று என்று சிலர் கூறுவார்கள். அதனை நான் ஒப்புவதில்லை. வெறுங்கையோடு பெரியவர் முன்னிலையிற் போய் நிற்கக் கூசுகின்றவனுக்கு வாய்பாடு ஒரு தாம்பாளம் போல உதவுகிறது. ஆனால் எழுதியவனைத் தேடுகின்றவர்கள் வாய்பாடு முடியும் இடத்தைக் கவனிக்கவேண்டும்.

அது முடிந்தவுடன் அவன் கடலைப் பற்றிப் பேசுகிறான். கடலிலே ஆபத்தில் அகப்பட்டபோது தன்னை உடனே காப்பாற்றிய சேராப்பிஸ் தேவனுக்கு நன்றி கூறுகிறான். சேராப்பிஸ் என்பது அலெக்சாந்திரியாவிலே பெருங்கோயில் கொண்டிருந்த தெய்வம். எகிப்தை விட்டுப் போன கடலோடிகள் கூடவே கொண்டு போன தெய்வமும் அதுவே. புயலா, பாறையா, என்ன ஆபத்து என்று அவன் சொல்லவில்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குச் செல்லும் பாய்க்கப்பல், கோடையில் வடமேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துக் கரையோரமாகச் சுற்றி வளைத்துப் போகவேண்டும். ஒன்று இரண்டு மாதங்கள் சென்றுவிடும். அத்தனை நாட்களில் நடந்தவற்றையெல்லாம் ஒரு வாக்கியத்துள் அடக்கி, அந்த வாக்கியத்தையும் நன்றியாகவே எழுதி முடித்துவிடுகிறான். ஆபத்துக்கு முன்னரே காப்பாற்றப்பட்ட செய்தி கண்ணிற் படும்படி சொற்களை வைத்திருக்கிறான். வெளியூரிலிருந்து வீட்டுக்கு எழுதும் பிள்ளைகள் எல்லோரும் கற்றுக்கொள்ளும் வித்தை இது. அதே நூற்றாண்டில் அதே பையூம் பகுதியிலிருந்து போய் மிசேனத்துப் படையிற் சேர்க்கப்பட்ட அப்பொல்லினாரியஸ் என்னும் இன்னோர் இளைஞன், உரோமாபுரியிலிருந்து தன் தாய்க்கு எழுதிய கடிதமும் கிடைத்திருக்கிறது. எந்தப் பிரிவில் தன்னைப் போடுவார்கள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. இருந்தும், நல்ல இடத்துக்கே வந்திருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்ற கருத்திலே தாயைத் தேற்றுகிறான்.

அடுத்ததாகப் பணம். மிசேனத்தை அடைந்தவுடன், வழிச்செலவுக்கென்று பேரரசரிடமிருந்து பொற்காசு மூன்று பெற்றேன் என்று அப்பியோன் தெரிவிக்கிறான். ஒரு பொற்காசு தெனாரி என்னும் வெள்ளிக்காசு 25 பெறும். ஆகவே மூன்றும் 75 தெனாரி. அந்த நூற்றாண்டிலே உரோமக் காலாட்படை வீரனுக்கு ஆண்டுக்கு 300 தெனாரி சம்பளம் என்பதோடு ஒப்பிட்டால், இது அவ்வீரனுடைய மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமம். கமக்காரன் மகன் ஒருவன் தன் கையிலே பொன்னை வைத்துப் பார்த்தது அதுவே முதன்முறையாக இருந்திருக்கக்கூடும். பேரரசரிடமிருந்து என்று அவன் எழுதுவதைக் கவனிக்கவேண்டும். காசை எண்ணிக் கொடுத்தவன் யாரோ ஒரு படைக் கணக்கன்தான். ஆனால் பிலதெல்பியாவிலே கடிதத்தை வாசிக்கக் கேட்பவர்களுக்குப் பேரரசர் கொடுத்தார் என்பதே செய்தி.

பிறகு வருவதுதான் கடிதத்தின் நடுவிடம். எனக்கு ஒரு கடிதம் எழுதும் என்று அவன் தகப்பனாரைக் கேட்கிறான். ஏன் எழுதவேண்டும் என்பதற்கு மூன்று காரணங்களை வரிசையாகச் சொல்கிறான். முதலாவது, உமது நலத்தை அறிவதற்காக. இரண்டாவது, சகோதர சகோதரியின் நலத்தை அறிவதற்காக. மூன்றாவது, உமது கையை நான் வணங்குவதற்காக. கை என்று அவன் சொல்வது கையெழுத்தை. நீர் என்னை நன்றாகப் படிப்பித்தீர், அதனாலே தெய்வ சித்தமிருந்தால் விரைவில் மேல்நிலைக்கு வருவேன் என்று நம்புகிறேன் என்ற கருத்தையும் அதனோடு சேர்த்துவிடுகிறான்.

இந்த இடத்திலே வாய்பாடு இல்லை. எழுத்தறிவு எல்லோருக்கும் வாய்க்காத ஊரிலே, தன்னை எழுத்துப் படிப்பித்த தகப்பனுடைய எழுத்தைத் தெய்வத்துக்குச் செய்யும் வணக்கத்தோடு வணங்க விரும்புகிறான் மகன். படையிலே எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குத் துடுப்போடு கணக்கும் வரும், கணக்கோடு பதவி உயர்வும் வரும். ஆகையால் அவன் நன்றி சொல்வது வெறும் உபசாரத்துக்காக அன்று. தன் கையிலிருக்கும் ஒரே முதலைத் தந்தவருக்கு அவன் நன்றி சொல்கிறான்.

இவ்வளவும் சொன்ன பின்னரே பரிசு வருகிறது. கப்பிட்டோனுக்கும் சகோதரனுக்கும் சகோதரிக்கும் செரெனில்லாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம் கூறிவிட்டு, யூக்தெமோன் வசம் என்னுடைய சிறிய உருவப்படமொன்றை உமக்கு அனுப்பியிருக்கிறேன் என்று ஒரேயொரு வாக்கியம் எழுதுகிறான். அவ்வளவுதான். படம் எப்படியிருந்தது, எவ்வளவு கொடுத்து எழுதுவித்தான், என்ன உடை அணிந்திருந்தான் என்று எதுவும் இல்லை. வழிச்செலவுப் பொன்னிலிருந்தே ஓவியனுக்குக் கூலி கொடுத்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பணம் வந்த செய்தியும் படம் போகும் செய்தியும் ஒரே கடிதத்தில் இருப்பதனால் எழும் ஊகம் மட்டுமே அது. படத்துக்கு அவன் ஆளும் கிரேக்கச் சொல், உருவம் என்னும் சொல்லின் குறுமை வடிவம். பெட்டிக்குள்ளோ மடிக்குள்ளோ வைத்துக் கப்பலிற் கொண்டு போகத்தக்க சிறிய பலகையில் எழுதிய ஓவியம் என்று கொள்வது பொருந்தும்.

படத்தை இன்னாரிடம் கொடுத்தேன் என்று எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. உரோமப் பேரரசிலே அரசாங்கத் தபால் இருந்ததே தவிர, குடிமக்களுடைய கடிதங்களைச் சுமக்கும் தபால் இருந்ததில்லை. அரச ஓலைகளுக்கு ஆளும் குதிரையும் இருந்தன. மகன் தகப்பனுக்கு எழுதும் கடிதத்துக்கு, அந்தப் பக்கமாகப் போகின்ற யாரோ ஒருவருடைய தயவுதான் இருந்தது. ஆதலால் அக்காலத்துக் கடிதங்களிலே அனுப்பிய பொருளும் கொண்டு வருபவன் பெயரும் எழுதப்படுவது வழக்கமாயிற்று. பெற்றவர் அதனைப் பார்த்துப் பொருளைக் கேட்டு வாங்கலாம், குறைந்தால் விசாரிக்கலாம். படத்தை அறிவிக்கும் அந்த ஒற்றை வாக்கியம், அன்பின் வார்த்தையாகவும் பொதிச் சீட்டாகவும் ஒருங்கே நிற்கிறது.

கடிதத்தின் வெளிப்புறத்தைப் பார்த்தால் பயணம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே இரண்டு குறிப்புகள் உள. ஒன்று, பிலதெல்பியாவுக்கு, எப்பிமாக்கொஸுக்கு, மகன் அப்பியோனிடமிருந்து என்பது. மற்றது, எகிப்திலே நிலைகொண்டிருந்த அப்பமேயர் முதற் படைப்பிரிவின் பாளையத்தில், உதவி எழுத்தர் யூலியானுஸிடம் ஒப்படைக்கவேண்டும், அவர் தகப்பனாருக்குச் சேர்ப்பிக்கவேண்டும் என்பது. அதாவது, மிசேனத்திலிருந்து புறப்படும் கப்பலிலே கடிதம் எகிப்துக்குப் போகும். இம்முறை காற்று பின்னாலிருந்து வீசும். மகன் போன நாட்களிற் பாதிக்கும் குறைந்த காலத்திற் கடிதம் போய்ச் சேரலாம். அங்கே பாளையத்து எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டு, பையூம் பக்கம் போகும் ஆளைப் பார்த்துக் கொடுத்தனுப்புவார். மகன் சேர்ந்த படை, ஊரில் நிற்கும் படை என்ற இரண்டும் ஒரே அரசருடையன ஆதலால், அரச தபாலின் பயன் கிடையாதவன் படை எழுத்தர்களுடைய நட்பினாலே அதற்கு மாற்றுவழி கண்டுகொண்டான்.

இந்த இடத்தில்தான், வாசகரே, கடிதத்தில் நான் மிகவும் நின்று பார்க்கும் ஒன்று இருக்கிறது. படத்தைப் பற்றிய வாக்கியத்தை அடுத்து, என் பெயர் அந்தோனியுஸ் மாக்சிமுஸ், என் பிரிவு அத்தெனோனிக்கா என்று எழுதுகிறான். கப்பற்படையிற் சேரும் அந்நியருக்கு இலத்தீன் பெயர் கொடுப்பது அக்காலத்து வழக்கம். தகப்பன் இட்ட பெயர் படைப்பதிவேட்டில் இல்லாமற் போயிற்று. பதிற்கடிதம் வரவேண்டுமானால் அந்தப் புதிய பெயருக்குத்தான் வரவேண்டும். அப்பியோன் என்று எழுதி அனுப்பினால் மிசேனத்திலே யாருக்கும் தெரியாது. ஆகவே பெயரைச் சொல்லியே தீரவேண்டும். ஆனால் சொல்லும் விதத்தைப் பாருங்கள். பெயர் மாறிவிட்டது என்று சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, பெருமையும் பேசவில்லை. முகவரி போல ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்கிறான். பெயர் மாறிய செய்தியைத் தகப்பன் படிக்கும் வேளையிலே, முகம் மாறவில்லை என்று காட்டுவதற்கு அவர் கையிலே படம் இருக்கும். இவ்விரண்டு வாக்கியங்களும் ஒன்றையடுத்து ஒன்று நிற்பது தற்செயலாய் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதத்தின் தொடக்கத்திலும் வெளி முகவரியிலும் அவன் அப்பியோனாகவே இருக்கிறான். ஊருக்குப் போகும் பக்கத்திலே ஊர்ப்பெயர். உள்ளே, ஒரு வரியில் மட்டும், மற்றப் பெயர்.

என் தமையனார் 1975இல் ஒரு சரக்குக் கப்பலிலே இயந்திர அறை உதவியாளராகச் சேர்ந்தார். ஐயா அவருக்கு வைத்தது நீண்ட பெயர். கப்பலிலே அது மூன்றெழுத்தாகச் சுருங்கிப்போயிற்று. முதற் சம்பளத்தில் ஒரு படப்பிடிப்பு நிலையத்துக்குப் போய், வெள்ளைச் சீருடையோடு படமெடுத்து, அதனை வீட்டுக்கு அனுப்பினார். அக்காலத்து நீலநிற விமானக் கடிதத்தாளினுள் எதனையும் வைத்து அனுப்ப இயலாது. ஆதலால் படத்தை, விடுமுறையில் ஊருக்கு வரும் வடமராட்சி நண்பர் ஒருவர் கையிற் கொடுத்துவிட்டு, கடிதத்தை வேறாகத் தபாலில் அனுப்பினார். கடிதம் பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது. படத்தை இன்னார் கொண்டு வருகிறார் என்றும், பதில் எழுதும்போது உறையிலே கப்பல் முகவரின் விலாசத்தோடு இந்தப் பெயரைப் போடவேண்டும் என்றும் அதிலே எழுதியிருந்தது.

படமோ ஐந்து மாதங்களாக வரவில்லை. கொண்டு வந்தவர் வழியிலே வேறொரு கப்பலில் ஏறிவிட்டாராம். அந்த ஐந்து மாதங்களும் வீட்டிலே கடிதம்தான் படத்தின் வேலையையும் செய்தது. ஐயா பாடசாலை ஆசிரியர்; பிழை திருத்தும் கண்ணோடேயே எதனையும் வாசிப்பவர். அண்ணையின் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தார். “எழுத்து இன்னும் சாய்ந்து கொண்டுதான் போகுது” என்றார். பதிற்கடிதத்தை அவரே எழுதினார். ஆனால் உறையின் மேலே அந்த மூன்றெழுத்துப் பெயரை எழுத அவருடைய கை இடங்கொடுக்கவில்லை. தாம் வைத்த பெயரை முழுவதுமாக எழுதிவிட்டு, உறையை என்னிடம் நீட்டினார். “மற்றதை நீ எழுதிவிடு, தம்பி” என்றார். அடைப்புக்குள்ளே நான் எழுதினேன். அன்று தொடக்கம் அவர் காலமாகும்வரை, ஒவ்வோர் உறையிலும் அந்த அடைப்பு என்னுடைய கையெழுத்திலேயே இருந்தது. எப்பிமாக்கொஸ் தம் பதிலின் மேலே எந்தப் பெயரை எழுதியிருப்பார் என்ற கேள்வி எனக்கு உண்டானது அந்த உறைகளைப் பார்த்துத்தான்.

ஒருவழியாகப் படம் வந்தபோது அம்மா அதனை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். சீருடையை அவர் பார்க்கவேயில்லை. கழுத்தையும் கன்னத்தையும் பார்த்துவிட்டு, “பொடியன் மெலிஞ்சு போனான்” என்றார். ஐயா படத்தைத் திருப்பி, பின்புறத்திலே முழுப்பெயரையும் திகதியையும் எழுதினார்.

பிலதெல்பியாவுக்குப் போன படம் கிடைக்கவில்லை. யூக்தெமோன் அதைக் கொண்டு போய்ச் சேர்த்தானா என்பதற்குச் சான்று ஒன்றுமில்லை. இதிலே ஒரு வினோதம் இருக்கிறது. பையூம் பகுதி, பலகையில் எழுதிய மனித முகங்களுக்கே உலகப் புகழ் பெற்றது. இறந்தவர்களுடைய முகத்தை மெழுகு கலந்த வண்ணத்தால் மெல்லிய பலகையில் எழுதி, பதப்படுத்திய உடலின் மேல் வைத்துக் கட்டும் வழக்கம் அங்கே உரோமர் காலத்தில் இருந்தது. 1887 அளவிலே எர்-ருபையாத் என்னும் இடத்திலிருந்து அத்தகைய படங்கள் பல வெளிவந்தன. அந்த இடம் பிலதெல்பியா ஊராருடைய இடுகாடு. ஆகவே அப்பியோனுடைய ஊரவர் பலருடைய முகங்களை இன்று நூதனசாலைகளிலே நாம் பார்க்கலாம். பெரிய கண்களோடு நேராக நம்மையே பார்க்கின்ற முகங்கள். அவர்களுடைய கடிதங்கள் இல்லை. அப்பியோனுடைய கடிதம் இருக்கிறது, முகம் இல்லை.

பெற்றோருக்கு அவன் எழுதியதாக வேறு கடிதம் இல்லை. ஆனால் சபீனா என்னும் சகோதரிக்கு அந்தோனியுஸ் மாக்சிமுஸ் என்பவன் எழுதிய இன்னொரு கடிதம் பேர்லினிலே இருக்கிறது. பெயர் ஒத்திருப்பதாலும் கிடைத்த இடம் ஒத்திருப்பதாலும் இரண்டும் ஒருவனுடையனவே என்று அறிஞர் கொண்டனர். 1908இல் ஜேர்மானிய அறிஞர் அடோல்வ் டைஸ்மன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து விரிவாக எழுதிய பின்னரே அவை பலரும் அறிந்தனவாயின. இரண்டுக்கும் இடையில் ஆண்டுகள் பல சென்றிருக்கின்றன. அவனுக்கு அவுபிதியா என்னும் வாழ்க்கைத்துணை வந்துவிட்டாள். மாக்சிமுஸ் என்னும் மகன், எல்பிஸ், பொர்த்துனாத்தா என்னும் பெண்மக்கள். எல்பிஸ் கிரேக்கப் பெயர், பொர்த்துனாத்தா இலத்தீன் பெயர். ஒரு வீட்டுக்குள்ளே இரண்டு ஊர்கள் இருந்தன என்பது அப்பெயர்களாலே புலனாகிறது. மகனுடைய பிறந்தநாளைச் சகோதரிக்குச் சொல்லும்போது மட்டும் அவன் இத்தாலியின் மாதக்கணக்கைச் சொல்லவில்லை. எப்பெய்ப் மாதம் 30ஆம் நாள் என்று எகிப்து மாதத்தின் பெயரையே சொல்கிறான். ஊரில் இருப்பவர்கள் அந்த நாளை எண்ணவேண்டும் அல்லவா?

இந்தக் கடிதத்திலே சேராப்பிஸ் இல்லை. இங்குள்ள தெய்வங்களின் முன்னே உன்னை நினைக்கிறேன் என்று சொல்கிறான். அப்பியோன் என்ற பெயரும் இல்லை. சொந்தத் தங்கைக்கோ தமக்கைக்கோ எழுதும் கடிதத்தின் தலைப்பிலேயே அந்தோனியுஸ் மாக்சிமுஸ் வந்துவிட்டான். தகப்பனாரைப் பற்றிய பேச்சும் இல்லை. அவர் காலமாகிவிட்டார் என்பது டைஸ்மன் முடிவு. அதனை மறுப்பதற்கு எனக்கு ஏதும் தோன்றவில்லை. பழைய பெயரைச் சொல்லி எழுதவேண்டியதாயிருந்த ஒருவர் போய்விட்டால், அப்பெயரும் கடிதத்திலிருந்து போய்விடுகிறது போலும். சகோதரி பக்கத்திலே மாக்சிமுஸ் என்னும் ஒருவனுக்கு அவன் வணக்கம் சொல்வதைக் கொண்டு, அவன் சகோதரியின் மகன், மாமனுடைய புதிய பெயரையே பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஊகிப்பார் உளர். அது மெய்யானால், முன்னர் ஒரு வரியில் ஒதுங்கி நின்ற பெயர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று ஆகும்.

முதற் கடிதத்திலே இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். எழுதி முடித்து, தாள் நிரம்பிய பின்னர், இடப்புற ஓரத்திலே குறுக்காகச் சில வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அகத்தோ தைமோனுடைய மகன் செரேனுஸ் உமக்கு வணக்கம் கூறுகிறான், கல்லோனியுஸ் மகன் தூர்போ கூறுகிறான் என்று பெயர்கள். சில இடங்களிலே தாள் சிதைந்து பெயர் அழிந்துபோயிற்று. கூடவே போன ஊர்ப்பையன்களாயிருக்க வேண்டும். ஒருவன் கடிதம் எழுதுகிறான் என்று கேள்விப்பட்டு வந்து சுற்றி நின்று, என்னையும் எழுது, என்னையும் எழுது என்று கேட்டிருப்பார்கள். அவர்களுடைய வீட்டாருக்கும் எப்பிமாக்கொஸின் வாயால் அச்செய்தி போகும்.

அண்ணையின் படத்தை நாங்கள் 1995இல் இழந்தோம். வலிகாமத்திலிருந்து ஓர் இரவிலே எல்லோரும் புறப்பட்டபோது சுவரிலிருந்த எதனையும் கழற்றுவதற்கு நேரமிருக்கவில்லை. ஐயாவின் பத்திரங்களும் சான்றிதழ்களும் வைத்த துணிப்பையை மட்டும் அம்மா எடுத்து வந்தார். அதற்குள்ளே அந்த நீலக் கடிதமும் இருந்தது. 2003இல் அண்ணை ஊருக்கு வந்தபோது முதலில் அந்தப் படத்தையே தேடினார். ஐயா பின்புறத்தில் எழுதிய எழுத்தைப் பார்க்கவேண்டும் என்றார். நான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புகளிலே தாள் விட்டுப்போயிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தாளைப் பக்கவாட்டிலே திருப்பி, ஓரத்திலே நெருக்கமாக எழுதியிருந்த நண்பர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான்காவது பெயரிலே வந்து நின்று, அது யாரென்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.